வெளிநாட்டுச் சூதாட்டத் தளத்தில் பணம் போட்டால் என்ன ஆகும்? அடிக்கடி வரும் கேள்விகள்

கேரளாவுல லாட்டரி விக்கிறான், கோவாவுல கேசினோ கப்பலே நிக்குது. தமிழ்நாட்டுல மட்டும் ஏன் எல்லாமே குத்தம்? ஒரே நாடுதானே?

நாடு ஒன்றுதான், ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் போடும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் 34ஆவது இனம் ‘பந்தயமும் சூதாட்டமும்’. அரசு லாட்டரிகளைத் தடுக்கும் உரிமையையும் ஒன்றிய அரசின் 1998ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதனால்தான் கோயம்புத்தூரில் லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளத்துக்குள் போனால் அதே சீட்டை அரசே விற்கிறது. கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியை முழுக்கத் தடை செய்தது.

கோவா தன் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டத்தையே 1992இல் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் ஸ்லாட் மெஷின்களுக்கு இடம் கொடுத்தது. பிறகு 1996இல் கப்பல்களுக்கும் வழி திறந்தது. மாண்டோவி ஆற்றில் இன்று நிற்கும் கேசினோக்கள் அந்தத் திருத்தத்தின் பிள்ளைகள். சிக்கிம் 2008இலேயே ஆன்லைன் ஆட்டத்துக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டம் போட்டது. தெலங்கானா 2017இலும் ஆந்திரம் 2020இலும் நேர்மாறாகப் போய், காசு வைத்து ஆடும் ரம்மியையும் சேர்த்துத் தடுத்தன. சுற்றுலாவை நம்பியிருக்கும் மாநிலம் சூதாட்டத்தில் வரியைப் பார்க்கிறது. கடனில் மூழ்கிய குடும்பங்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும் மாநிலம் வேறு மாதிரி பார்க்கிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது 1867ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். அது பிடிக்க நினைத்தது ‘சூதாட்ட வீட்டை’, அதாவது ஒரு அறையையும் அதை நடத்துபவனையும். போனுக்குள் அறை எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கடந்த பத்து வருடமாக மாநிலத்துக்கு ஒரு சட்டம் முளைத்தது.

ரம்மி திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லியிருக்கே?

சொல்லியிருக்கிறது. 1968இல் ஆந்திர மாநிலத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ரம்மியில் எந்தச் சீட்டைக் கீழே போடுவது, எதை வைத்துக்கொள்வது என்று நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றது. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததற்கு இந்த வாதம்தான் முதுகெலும்பு. அடுத்து வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2023 நவம்பரில் அதே நீதிமன்றத்துக்குப் போனபோது, அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடை நின்றது. ரம்மியையும் போக்கர் சீட்டாட்டத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது மட்டும் விழுந்தது.

ஆனால் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டது. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் வழங்கக் கூடாது என்கிறது அது. வெளிநாட்டிலிருந்து இங்கே வழங்கினாலும் பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறது. இந்திய நிறுவனங்கள் பணம் வைத்து ஆடும் பகுதியை அந்த வாரத்திலேயே நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

நிறுத்தியவர்கள் இந்தியாவில் ஆபீஸும் பான் நம்பரும் உள்ளவர்கள் என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் நிறுத்தவில்லை. ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கே போனார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற கேள்விகளெல்லாம் அவர்களிடமிருந்து வந்தவைதான்.

லண்டன்ல தெருவுக்கு ஒரு பெட்டிங் கடை இருக்கு. அங்க சரின்னா இங்க எப்படித் தப்பாகும்?

கம்பெனி எங்கே இருக்கிறது, ஆடுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டில் எதை வைத்துச் சட்டம் பேசுகிறது என்பதுதான் விஷயம். பிரிட்டன் ஒரு காலத்தில் முதலாவதை ஏற்றுக்கொண்டது. ஜிப்ரால்டரில் லைசென்ஸ் வாங்கிய கம்பெனி பிரிட்டனில் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கலாம் என்றிருந்தது. 2014இல் புதுச் சட்டம் கொண்டுவந்து அதை மாற்றினார்கள். பிரிட்டனில் உள்ளவரிடம் பந்தயம் வாங்க வேண்டுமானால், கம்பெனி உலகத்தில் எங்கே இருந்தாலும் பிரிட்டனின் லைசென்ஸ் வேண்டும். இன்று பெரும்பாலான நாடுகள் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன: ஆடுபவர் இருக்கும் இடத்துச் சட்டமே அவரைக் கட்டும்.

ஆகவே ஒரு தளம் பிரிட்டனில் முறையாக நடப்பது உங்களுக்கு எந்த வகையிலும் அனுமதி ஆகாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஆட்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத தளத்தில் ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஊரில் உள்ள மச்சானின் கணக்கில், டார்மிட்டரியில் உட்கார்ந்தபடி ஆடினாலும் ஆடிய இடம் சிங்கப்பூர்தான்.

சைட்டுக்கு அடியில ‘குராசோ லைசென்ஸ்’னு நம்பரோட போட்டிருக்கு. அது பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாகவும் இருக்கலாம். குராசோ என்பது கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்து முடியாட்சியின் கீழ் உள்ள ஒரு சிறு தீவு. அங்கே ரொம்ப காலம் இருந்த ஏற்பாடு விசித்திரமானது. அரசு நான்கு தனியார் கம்பெனிகளுக்கு மட்டும் தலைமை லைசென்ஸ் கொடுத்தது. அந்த நான்கும் தங்களுக்குக் கீழே ஏராளமான தளங்களுக்கு உள்-லைசென்ஸ் விற்றன. நீங்கள் பார்க்கும் `1668/JAZ`, `8048/JAZ` போன்ற எண்கள் அந்தத் தலைமை லைசென்ஸின் எண்கள். ஒரே எண்ணை நூற்றுக்கணக்கான தளங்கள் அடியில் போட்டுக்கொண்டன. அதை வைத்து உங்கள் தளத்தை அடையாளம் காண்பது, பஸ் நம்பரைச் சொல்லி டிரைவரைக் கண்டுபிடிப்பதைப் போல.

2024 டிசம்பரில் குராசோ புதுச் சட்டம் கொண்டுவந்து, அரசு அமைப்பே நேரடியாக லைசென்ஸ் கொடுக்கும் முறைக்கு மாறியது. அதனால் இன்றும் `JAZ` என்று முடியும் எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும் தளத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள். கெடுபிடி கூடியதும் சில தளங்கள் கொமோரோஸ் நாட்டின் அஞ்சுவான் தீவு போன்ற இடங்களின் பெயரைப் போடத் தொடங்கின.

லைசென்ஸ் உண்மையாகவே இருந்தாலும் அது அந்தத் தீவில் கம்பெனி நடத்த அனுமதி. ஈரோட்டில் இருக்கும் உங்களுக்கு அதில் ஒரு உரிமையும் எழுதப்படவில்லை.

போலீஸ் என்னைப் பிடிக்குமா? ஆடுறவனுக்கு ஜெயில் உண்டா?

ஒன்றிய அரசின் 2025 சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. நடத்துபவருக்கும், அதற்குப் பணம் கடத்த வழி செய்பவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, ஐம்பது லட்சம் வரை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் ஆடுபவரையும் தொடுகிறது. ஆன்லைன் சூதாட்டத்திலோ பணம் வைத்த அதிர்ஷ்ட ஆட்டத்திலோ ஈடுபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு சட்டத்தை யாரும் நினைப்பதே இல்லை. வெளிநாட்டு லாட்டரி, கால்பந்துப் பந்தயச் சீட்டு போன்றவற்றுக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது அந்நியச் செலாவணி விதிகளில் அடியோடு தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை தண்டத்தொகை விதிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மேசைக்கு ஆலோசனை கேட்டு வருபவர்களில் ‘ஆடியதற்காகப் பிடித்தார்கள்’ என்று வந்தவர் குறைவு. ‘பேங்க் அக்கவுண்ட் முடங்கிவிட்டது’ என்று வருபவர்கள்தான் அதிகம்.

நான் யூபிஐலதான் கட்டுறேன், அதுவும் இந்திய பேங்க்குக்குத்தான் போகுது. அப்புறம் எப்படி அது வெளிநாட்டுச் சைட்?

அடுத்த முறை ‘டெபாசிட்’ அழுத்தும்போது திரையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரு க்யூஆர் கோடு வரும், பக்கத்தில் பத்து நிமிடம் என்று கடிகாரம் ஓடும். பணம் போகும் பெயர் தளத்தின் பெயராக இருக்காது. யாரோ ஒரு தனி ஆளின் பெயர், அல்லது ‘டிரேடர்ஸ்’ என்று முடியும் ஒரு கடை. கட்டி முடித்ததும் 12 இலக்க யூடிஆர் எண்ணை நீங்களே டைப் செய்யச் சொல்லும். நாளைக்குப் போனால் வேறு பெயர், வேறு க்யூஆர்.

முறையான வியாபாரி யாரும் இப்படிப் பணம் வாங்குவதில்லை. இந்த வேலைக்கு எந்த வங்கியும் இந்தத் தளங்களுக்குக் கணக்குக் கொடுக்காது என்பதால் வாடகைக் கணக்குகளை வைத்து ஓட்டுகிறார்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிட்ட கல்லூரிப் பையன், தன் ஆதாரில் திறந்த கணக்கு எங்கே ஓடுகிறது என்றே தெரியாத கூலித் தொழிலாளி, இவர்களுடைய கணக்குகள் அவை. உங்கள் டெபாசிட் அங்கிருந்து இரண்டு மூன்று கணக்கு தாண்டி, கிரிப்டோவாகவோ ஹவாலாவாகவோ கடல் தாண்டுகிறது.

அதே வாடகைக் கணக்குகளில் பார்ட்-டைம் வேலை மோசடி, ‘டிஜிட்டல் கைது’ மோசடிப் பணமும் வந்து விழுகிறது. எல்லாம் ஒரே சாக்கடைக் குழாய். ஜெயித்தவருக்குப் பணம் வருவதும் அந்தக் குழாயிலிருந்துதான்.

ஜெயிச்ச காசு வந்துச்சு, எடுத்துச் செலவும் பண்ணிட்டேன். ஒரு வாரம் கழிச்சு அக்கவுண்ட் ஃப்ரீஸ். நான் யாரையும் ஏமாத்தலையே, ஏன்?

இதைக் கேட்டவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். கிரிக்கெட் சீசனில் நான்கு தவணையாக 11,000 ரூபாய் போட்டிருந்தார், 18,500 எடுத்தார். அந்த 18,500 அவர் கேள்விப்படாத ஒருவரின் கணக்கிலிருந்து ஐஎம்பிஎஸ் மூலம் வந்தது. ஆறாவது நாள் பெட்ரோல் பங்கில் யூபிஐ வேலை செய்யவில்லை. ஒன்றாம் தேதி 32,000 சம்பளம் உள்ளே வந்தது, வெளியே எடுக்க முடியவில்லை. ஐந்தாம் தேதி பைக் இஎம்ஐ பவுன்ஸ் ஆனது.

நடந்தது இதுதான். வடக்கே ஒரு மாநிலத்தில் பார்ட்-டைம் வேலை என்று நம்பி ஏமாந்த ஒருவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறார். அவர் பணம் முதலில் போன கணக்கு, அங்கிருந்து போன கணக்குகள், அதற்கு அடுத்த கணக்குகள் என்று போலீஸ் அடுக்கடுக்காகத் தேடும். மூன்றாவது அடுக்கில் நம் ஆள் நின்றார். அவருக்கு வந்த 18,500இல் புகார்தாரரின் பணம் என்று கணக்கிட்டது 4,200 மட்டும். ஆனால் வங்கி முழுக் கணக்கையும் முடக்கிவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது கிளை மேனேஜரிடம் சண்டை போடுவதல்ல. முடக்கச் சொன்னது அவர் இல்லை, திறக்கவும் அவரால் முடியாது. எழுத்தில் மூன்று விவரம் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த ஊர் சைபர் கிரைம் போலீஸ், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. தொகை சின்னதாக இருந்தால், அதை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி வங்கிக்கும் விசாரணை அதிகாரிக்கும் ஒரே நாளில் மனுக் கொடுங்கள். முழுக் கணக்கையும் கண்மூடித்தனமாக முடக்கக் கூடாது என்று கேரள, சென்னை உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதால் இந்த மனுவுக்குப் பலம் இருக்கிறது. பதில் இல்லாவிட்டால் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமோ இங்கே உயர் நீதிமன்றத்திலோ போக வேண்டும். திருப்பூர்க்காரருக்கு மனுவிலேயே வேலை முடிந்தது. 4,200 நிறுத்திவைக்கப்பட்டு மீதி திறக்கப் பதினோரு வாரம் ஆனது.

சிக்கல் இன்னொன்று இருக்கிறது. ‘இந்த 18,500 எதற்காக வந்தது?’ என்று அதிகாரி கேட்பார். உண்மையைச் சொன்னால் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிறது. ‘பழைய போனை விற்றேன்’ என்று கதை சொன்னால், பணம் அனுப்பியவர் யாரென்றே தெரியாமல் அந்தக் கதை நிற்காது. அதுவரை சாட்சியாக இருந்தவர் கூட்டாளி ஆகிவிடுவார். வித்ட்ராயல் ஸ்கிரீன்ஷாட்டும் தளத்தில் உங்கள் கணக்கு வரலாறும்தான் நீங்கள் மோசடிக் கும்பல் இல்லை என்பதற்கு ஆதாரம். அவற்றை அழித்துவிட்டு வருபவர்களே அதிகம். பேசுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். டெலிகிராமில் ‘ஐயாயிரம் கொடுத்தால் ஃப்ரீஸ் எடுத்துத் தருகிறோம்’ என்பவர்கள் இரண்டாவது மோசடி.

அஞ்சாயிரம் போட்டா அஞ்சாயிரம் போனஸ்ங்கிறான். அதை எடுத்துட்டு ஓடிட்டா?

அதற்குத்தான் ‘வேஜரிங்’ என்ற நிபந்தனை. முப்பது மடங்கு என்று சிறு எழுத்தில் இருக்கும். டெபாசிட்டும் போனஸும் சேர்ந்து 10,000, முப்பது மடங்கு என்றால் மூன்று லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடித்த பிறகே ஒரு ரூபாய் எடுக்கலாம். நூறு ரூபாய்ப் பந்தயத்துக்குச் சராசரியாக நாலு ரூபாயைத் தளம் எடுத்துக்கொள்ளும் ஸ்லாட் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று லட்சத்துக்கு 12,000 போகும். உங்களிடம் இருப்பதே 10,000தான்.

அதையும் தாண்டி ஜெயித்தவருக்கு கேஒய்சி காத்திருக்கிறது. பணம் போடும்போது எந்த ஆவணமும் கேட்காத தளம், எடுக்கும்போது ஆதார், பான், கையில் கார்டுடன் செல்ஃபி என்று கேட்கும். போட்டோ மங்கல், பெயரில் இனிஷியல் பொருந்தவில்லை என்று இழுக்கும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் மறுபடி ஆடித் தோற்றுவிடுகிறார்கள். அனுப்பிய ஆவணம் அவர்களிடமே இருக்கும். அடுத்த வாடகைக் கணக்கு உங்கள் பெயரிலேயே திறக்கப்படலாம்.

பணம் தரலைன்னா கேஸ் போட முடியாதா?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்பார்கள். நோட்டீஸ் அனுப்ப முகவரி எங்கே? அந்தத் தீவில் ஒரே கட்டடத்தில் பல கம்பெனிகளின் பெயர்ப் பலகை இருக்கும், அவ்வளவுதான்.

லைசென்ஸ் கொடுத்த அமைப்பு காப்பாற்றுமா என்பதற்கு ஃபுல் டில்ட் போக்கர் கதையைப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஆல்டர்னி தீவின் லைசென்ஸ், உலகம் முழுக்க விளம்பரம், புகழ்பெற்ற ஆட்டக்காரர்களே பங்குதாரர்கள். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. கணக்கைப் பார்த்தபோது, ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என்று அமெரிக்க நீதித் துறை சொன்னது. பங்குதாரர்களுக்குக் கோடிக்கணக்கில் பிரித்துக் கொடுத்திருந்தார்கள் என்பதும் அதன் குற்றச்சாட்டு. திரையில் ‘பேலன்ஸ்’ என்று தெரிந்தது வெறும் எண். ஆல்டர்னி லைசென்ஸை ரத்து செய்தது, ஆனால் ஒருவருக்கும் பணம் வாங்கிக் கொடுக்கவில்லை. கடைசியில் போட்டிக் கம்பெனியான போக்கர்ஸ்டார்ஸ் அமெரிக்க அரசுடன் செய்த சமரசத்தில்தான் பணம் வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் கையில் அது சேர 2014 ஆனது. வல்லரசு ஒன்று பின்னால் நின்று, வாங்க ஒரு பணக்காரப் போட்டியாளரும் இருந்ததால் மூன்று வருடத்தில் கிடைத்தது.

விபிஎன் போட்டு, கிரிப்டோவுல ஆடினா?

சூதாட்டத் தளத்தை அரசு முடக்கினால் விபிஎன் திறந்துவிடும். ஆனால் பெரும்பாலான தளங்களின் விதிமுறையில் ‘விபிஎன் பயன்படுத்தினால் கணக்கை மூடி இருப்பைப் பறிமுதல் செய்வோம்’ என்று ஒரு வரி இருக்கும். தோற்றுக்கொண்டிருக்கும்வரை அந்த வரி தூங்கும், பெரிய தொகை ஜெயித்த அன்று எழுந்துகொள்ளும். கிரிப்டோவிலும் இதே ஆபத்து. அதை ரூபாயாக மாற்ற முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்க வேண்டும். அவர் அனுப்பும் ரூபாய் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. முடங்கிய கணக்குகளில் இந்த வகையும் கணிசம்.

ஜெயிச்சதுக்கு வரி கட்டிட்டா சரியாப் போச்சா?

வரி கட்டியே ஆக வேண்டும், ஆனால் அது அனுமதிச் சீட்டு இல்லை. வருமானம் எந்த வழியில் வந்தது என்று வரிச் சட்டம் பார்ப்பதில்லை. ஆன்லைன் ஆட்டத்தில் நிகரமாக ஜெயித்த தொகைக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் உண்டு. சம்பளம் வரிவரம்புக்குக் கீழே இருந்தாலும் இது தனி. உள்நாட்டுத் தளங்கள் பிடித்தம் செய்துவிட்டுக் கொடுத்தன. வெளிநாட்டுத் தளம் பிடிப்பதில்லை, அதனால் ரிட்டர்னில் நீங்களே காட்ட வேண்டும். இந்தத் தளத்தில் தோற்றதை உங்கள் கடை வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. திருப்பூர்க்காரர் தன் 7,500 ரூபாய் லாபத்துக்கு வரியும் செஸ்ஸுமாக 2,340 கட்டினார். அந்த 4,200 இன்னும் நிறுத்திவைப்பில்தான் இருக்கிறது.